சோற்றின் மேல் ஏற்றிய 2,500 லிட்டர்

பள்ளிக் கண்காட்சிகளில் நீர்த்தடம் என்ற தலைப்பில் வைக்கும் அட்டைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவைதான். ஒரு கிலோ அரிசிக்கு 2,500 லிட்டர், ஒரு பருத்திச் சட்டைக்கு 2,500 லிட்டர், ஒரு குவளை காபிக்கு 130 லிட்டர். பக்கத்தில் நீல வாளிப் படங்கள். அடியில் சிவப்பு மையில், அரிசியைக் குறைப்போம், தண்ணீரைச் சேமிப்போம். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. பெரியவர்களும் இதைத்தான் நம்புகிறார்கள். அதிக லிட்டர் என்றால் அதிகக் கேடு என்பது அந்த நம்பிக்கை. அது தவறு. எண் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு கட்டும் முடிவுதான் பொய்.

2,500 எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி மயக்கம் தெளிந்துவிடும். வயலில் நிற்கும் நெல் வேரால் உறிஞ்சி இலை வழியே விடும் நீரும், சேற்றிலிருந்து ஆவியாகும் நீரும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மி.மீ. 120 நாள் பயிருக்கு 600 மி.மீ. ஒரு ஹெக்டேரில் ஒரு மி.மீ. நீர் என்பது 10,000 லிட்டர். ஆக 60 லட்சம் லிட்டர். அந்த ஹெக்டேரில் 4,000 கிலோ நெல் விளைந்தால் கிலோ நெல்லுக்கு 1,500 லிட்டர். அரைவையில் மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாகிறது என்பதால் கிலோ அரிசிக்கு 2,250. அட்டையில் எழுதும் எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். அதே வயலில் 6,000 கிலோ விளைந்தால் தடம் 1,500 ஆகச் சுருங்கும். நீர் கூடவில்லை, குறையவில்லை, மகசூல்தான் மாறியது.

சில அட்டைகளில் 5,000 லிட்டர் என்று இருக்கும். அது வேறு கணக்கு. வாய்க்காலிலிருந்தோ மோட்டாரிலிருந்தோ வயலுக்குள் விடும் நீர், மழையையும் சேர்த்து, ஒரு போகத்துக்கு 1,200 மி.மீ.க்கு மேலும் போகும். அதில் பாதிதான் ஆவியாகிறது. மீதி மண்ணுக்குள் இறங்குகிறது. தஞ்சை, குடந்தைப் பக்கம் இறங்கிய நீர் அடுத்த தெருக் கிணற்றில் ஊறும், கீழ்ப்பாசன வடிகாலில் மறுபடி ஓடும். அதைச் செலவாகிப் போன நீர் என்று எழுதுவது, வங்கியில் போட்ட பணத்தைச் செலவுக் கணக்கில் எழுதுவது போல. கடலோரத்தில் மட்டும் நிலைமை வேறு; வேதாரண்யம் பக்கம் உவர்நீரில் போய்க் கலந்த நீர் திரும்பி வராது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுங்கள் என்று வேளாண் துறையினர் சொல்வதும் பெரும்பாலும் இந்த இறங்கும் நீரைக் குறைக்கத்தான். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்கு 15 செ.மீ. கீழே போனபின் மடை திறப்பார்கள். மோட்டார் ஓடும் நேரமும் வயலில் கிளம்பும் மீத்தேனும் குறையும். பயிர் குடிப்பது அவ்வளவாகக் குறையாது.

அடுத்தது, எந்த நீர் என்ற கேள்வி. நீர்த்தடம் என்ற கணக்கை 2002-இல் முன்வைத்த நெதர்லாந்து அறிஞர் ஆர்யென் ஹுக்ஸ்ட்ராவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அதை மூன்றாகப் பிரித்தே எழுதினார்கள். மழையாக மண்ணில் விழுந்து பயிருக்குப் போவது பச்சை நீர். ஆறு, ஏரி, ஆழ்குழாயிலிருந்து எடுப்பது நீல நீர். கழிவை நீர்க்கத் தேவைப்படும் அளவு சாம்பல் நீர். அட்டை எழுதுகிறவர்கள் மூன்றையும் கூட்டி, எல்லாவற்றையும் நீல வாளியில் ஊற்றிவிடுகிறார்கள்.

நம் டெல்டாவையே எடுத்துக்கொள்வோம். சம்பாப் பயிருக்கு வடகிழக்குப் பருவமழை துணை நிற்கும். பயிர் குடிக்கும் 600 மி.மீ.யில் 350 மழையிலிருந்து கிடைத்ததாக வைத்துக்கொண்டால், வாய்க்கால் தர வேண்டியது 250. கிலோ அரிசிக்கு நீல நீர் 940 லிட்டர் அளவில் நிற்கும். ஜூனில் மேட்டூர் திறந்ததும் நடும் குறுவைக்கு மழை 150 மி.மீ. உதவினாலே பெரிது, அப்போது நீல நீர் 1,700 லிட்டரை நெருங்கும். (மழை அளவுகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் ஊர் மழைமானிப் பதிவைப் போட்டால் எண் மாறும்.) இரண்டுக்கும் மொத்தத் தடம் அதே 2,250. அட்டையில் இரண்டும் ஒரே அரிசி. மேட்டூர் அணைக்கு அவை ஒன்றல்ல. பஞ்சாபுக்கோ இது இன்னும் பெரிய வித்தியாசம். அங்கே நெல்லுக்காக நிலத்தடி நீரை இறைத்து இறைத்து, கடும் வெயிலில் நாற்று நடக் கூடாது என்று 2009-இல் சட்டமே போட வேண்டியதாயிற்று.

லிட்டரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குப் பருப்பு நல்ல சாட்சி. அரிசியைக் குற்றவாளியாக்குகிற அதே உலகச் சராசரிப் பட்டியலில் பயறு வகைகளுக்குக் கிலோவுக்கு 4,000 லிட்டருக்கு மேல் இருக்கிறது. அரிசியை விட அதிகம்! ஆனால் அதில் நீல நீர் 150 லிட்டர்கூட இல்லை. முக்கால் பங்குக்கு மேல் மழை. மானாவாரிக் காட்டில் துவரை குடித்த மழைநீரை மிச்சம்பிடித்து யாரும் குழாயில் விட முடியாது. துவரை இல்லாவிட்டால் அங்கே புல்லும் முள்ளும் முளைத்து அதே மழையைக் குடித்திருக்கும். சிவப்பு மை வாசகத்தின் தர்க்கப்படி நாம் முதலில் சாம்பாரைத்தான் நிறுத்த வேண்டும்.

துணியில் கதை தலைகீழ். சட்டையின் 2,500 லிட்டரில் பெரும்பகுதி பருத்திக் காட்டில் செலவானது. இந்தியப் பருத்தியில் பெரும்பகுதி மானாவாரி என்பதால் அதிலும் மழையே அதிகம். சாயப்பட்டறையில் ஒரு கிலோ பின்னல் துணிக்கு நூறு, இருநூறு லிட்டர் போகும். ஒரு சட்டைக்கு ஐம்பது லிட்டருக்குள். வாளிப் படத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது அந்த ஐம்பது லிட்டர்தான். சாயம் நூலில் பிடிக்க லிட்டருக்கு ஐம்பது கிராம் அளவில் உப்புப் போடுவார்கள். சாயம் துணியில் தங்கும்; உப்பு தங்காது, கழிவோடு அப்படியே வெளியேறும். பாசனத்துக்கென்று அந்த ஆற்றின் குறுக்கே கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை அந்த உப்புநீரின் தொட்டியாகியது. தண்ணீர் கேட்க வேண்டிய உழவர்கள், அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

இந்த உப்பு சாம்பல் நீர்க் கணக்கில் வந்திருக்குமே என்று கேட்கலாம். பயிர்களுக்கான உலகப் பட்டியலில் சாம்பல் நீர் என்று போட்டிருப்பது உரத்திலுள்ள நைட்ரஜனுக்கு மட்டும். ஹெக்டேருக்கு 100 கிலோ நைட்ரஜன் போட்டால் பத்தில் ஒரு பங்கு நீரில் கசியும் என்று வைத்துக்கொள்கிறார்கள். அந்த 10 கிலோவை லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆகும்வரை நீர்க்க 10 லட்சம் லிட்டர் வேண்டும். பூச்சிமருந்து அந்தக் கணக்கில் இல்லை, உப்பும் இல்லை. ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே உப்பேறிய கிணற்று நீரைப் பாய்ச்சித் தென்னை கருகிய தோட்டக்காரரின் நட்டம், சட்டைக்கு எதிரே போட்ட 2,500-இல் ஒரு லிட்டராகக்கூட ஏறவில்லை.