ஒரு வசனத்துக்கு எத்தனை தயவு?

போன கிழமை ஒரு உம்மா பாடசாலைக்கு வந்தார். குடும்பம் வேறு ஊருக்குக் குடிபோகிறது, மகளின் விடுகைப் பத்திரம் வேண்டும். கையில் மகளே எழுதிய கடிதம். மகள் தரம் 10, நம்மிடம் தமிழ் படித்த பிள்ளை. கடிதத்தின் முக்கிய வசனம் இது:

"தாங்கள் தயவுகூர்ந்து என்மீது கருணை காட்டி எனது மகளின் விடுகைப் பத்திரத்தைத் தயவுசெய்து தந்துதவுமாறு மிகவும் தாழ்மையுடனும் பணிவுடனும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்."

பதினாறு சொற்கள். என்ன வேண்டும் என்று சொல்பவை "எனது மகளின் விடுகைப் பத்திரத்தை" என்ற நான்கும், "தந்து" என்பதும்தான். பிள்ளையின் முழுப் பெயர் இல்லை, சேர்விலக்கம் இல்லை, எப்போது தேவை என்பதும் இல்லை. அலுவலகத்தில் இருந்தவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "விவரம் எழுதிக் கொண்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த உம்மாவுக்கு அரை நாள் வீண்.

பிழை பிள்ளையுடையதல்ல. இப்படி எழுதினால்தான் மரியாதை என்று சொல்லிக் கொடுத்தது நாம்தான்.

அந்த வசனத்தை மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுப் பார்த்தோம். தயவுகூர்ந்து, தயவுசெய்து இரண்டும் ஒன்றுதானே? ஒன்று போகட்டும். தாழ்மையும் பணிவும் ஒன்றுதானே? அதிலும் ஒன்று போகட்டும். வேண்டுவதும் கேட்பதும் ஒரே வேலை. "கேட்டுக்கொள்கிறேன்" மட்டும் இருக்கட்டும்.

மிஞ்சிய "தயவுசெய்து"வும் இங்கே தேவையில்லை. "தயவுசெய்து கதவை மூடுங்கள்" என்று நேரே ஏவும்போதுதான் அதற்கு வேலை. "தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்றால் ஏவல் ஏற்கனவே வேண்டுகோளாக மாறிவிட்டது. "உதவு" என்ற சொல்லும் உள்ளேயே இருக்கிறது. மரியாதையை வினைச்சொல்லே சுமக்கிறது. தமிழுக்கு இது புதிதும் அல்ல. ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களையும் கேட்பவரின் நிலையைப் பார்த்து, தாழ்ந்தவர், ஒத்தவர், உயர்ந்தவர் என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. வெளியே அடுக்கி வைக்காமல் வினையிலேயே பணிவைக் காட்டத் தெரிந்த மொழி இது.

கடைசியில் கிடைத்த வசனம்:

"எனது மகளின் விடுகைப் பத்திரத்தைத் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ஆறு சொற்கள். மிச்சமான இடத்தில் பெயர், வகுப்பு, சேர்விலக்கம், புதிய பாடசாலையில் சேரும் திகதி எல்லாம் வந்தன. அதிபர் ஒரே வாசிப்பில் கையெழுத்து வைக்கக்கூடிய கடிதம்.

ஒரு மாணவன் இன்னும் வெட்டி, "விடுகைப் பத்திரத்தைத் தரவும்" என்று எழுதினான். அது அளவுக்கு மீறிய வெட்டு. "செருப்பைக் கழற்றி வைக்கவும்" என்ற அறிவித்தல் பலகைக்குச் சரி, ஒரு தாய் அதிபருக்கு எழுத அது ஆகாது. எங்கே நிறுத்துவது என்று அறிய ஒரு வழி உண்டு. அதிபருக்கு முன்னால் நின்று அந்த வசனத்தைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல் கூடிவிட்டது. அதட்டல் போலக் கேட்டால் குறைந்துவிட்டது.

"சேர், அப்ப தாழ்மை என்ற சொல்லே வேண்டாமா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். வேண்டும், உரிய இடத்தில் ஒரு தரம். விண்ணப்ப முடிவுத் திகதி தாண்டிவிட்டது, இருந்தும் ஏற்கச் சொல்லிக் கேட்கிறோம் என்றால் அது சலுகை. அங்கே "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்பது பொருந்தும், ஏனென்றால் மறுக்கும் உரிமை எதிரில் இருப்பவருக்கு உண்டு. விடுகைப் பத்திரம் அப்படியல்ல. அது படித்த பிள்ளைக்குச் சேர வேண்டியது. அதற்குப் போய் "கருணை காட்டி" என்று எழுத வைத்தால், உரிமையைப் பிச்சையாகக் கேட்கப் பழக்குகிறோம். நாளை அதே பிள்ளை பிரதேச செயலகத்திலும் வைத்தியசாலையிலும் அப்படியேதான் நிற்கும்.

இதில் திருந்த வேண்டியது முதலில் நாம். கடிதம் திருத்தும்போது "பணிவு போதாது" என்று புள்ளி குறைத்த சிவப்புப் பேனா நம்முடையது. இனி முதலில் பார்க்க வேண்டியது, யாருக்கு, என்ன, எப்போது தேவை என்பது கடிதத்தில் இருக்கிறதா என்பதைத்தான். மரியாதைச் சொல் ஒன்று இருந்தால் போதும். இரண்டாவதைக் கண்டால் அதன் கீழே கோடு போடுவோம்.