சம்பளம் ஏறுச்சா, இறங்குச்சா? 2.88-ஐ மறந்தா பதில் தப்பாயிடும்

அப்ரைசல் சமயத்துல எல்லாரும் செய்யற ஒரு கணக்கு இருக்கு. "சேரும்போது 25,000, இப்போ 40,000. பரவாயில்லையே, 60 சதவீதம் ஏறியிருக்கு!" என் கருத்து, இந்தக் கணக்கை வெச்சு நீங்க மேனேஜர் முன்னாடி உட்காரவே கூடாது. வெவ்வேறு வருஷத்து ரூபாயை அப்படியே ஒப்பிடறது, அடியையும் மீட்டரையும் ஒப்பிடற மாதிரி.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். 2015 டிசம்பர்ல சம்பளம் 25,000. 2019 டிசம்பர்ல 35,000. 2023 டிசம்பர்ல 40,000. இந்த மூணையும் 2023 டிசம்பர் விலைக்கு மாத்தணும். அதுக்கு லேபர் பீரோ மாசாமாசம் வெளியிடற, தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை எடுத்துக்கறேன். மத்திய அரசு ஊழியர்களோட டிஏ இதை வெச்சுதான் முடிவாகுது.

குறியீட்டைத் தேடினா 2015 டிசம்பருக்கு 269, 2019 டிசம்பருக்கு 330, 2023 டிசம்பருக்கு 138.8-னு வரும். அப்போ விலைவாசி பாதிக்கும் கீழே போயிடுச்சா? இல்லை. முதல் ரெண்டு எண்ணும் 2001-ஐ 100-ஆ வெச்சது. கடைசி எண் 2016-ஐ 100-ஆ வெச்சது. 2020 ஆகஸ்ட்ல 338-ஆ இருந்த குறியீடு, செப்டம்பர்ல புதுத் தொடர் வந்ததும் 118-ஆ ஆச்சு. ஒரே மாசத்துல இப்படி ஒரு பள்ளம் தெரிஞ்சா, விலை குறையலை, அடிப்படை ஆண்டு மாறியிருக்குன்னு அர்த்தம்.

இந்த ரெண்டு தொடரையும் இணைக்கறதுதான் லிங்கிங் ஃபேக்டர். ரெண்டு தொடரும் ஒரே காலத்துக்கு என்ன காட்டுதுன்னு ஒப்பிட்டு எடுக்கற விகிதம் அது. இங்கே அகில இந்திய அளவுல 2.88. புதுக் குறியீட்டை இதால பெருக்கினா பழைய தொடர்ல அதோட மதிப்பு வரும். 138.8 × 2.88 = 399.7. இப்போதான் மூணும் ஒரே அளவுகோல்ல இருக்கு: 269, 330, 399.7.

இனி கணக்கு சுலபம். பழைய சம்பளத்தை 399.7-ஆல பெருக்கி, அந்த மாசத்துக் குறியீட்டால வகுக்கணும். 2015-ஓட 25,000, 2023 விலையில சுமார் 37,150. 2019-ஓட 35,000, சுமார் 42,400. 2023-ல வாங்கறது 40,000.

நல்லா பாருங்க. எட்டு வருஷத்துல 60 சதவீதம்னு நினைச்சது உண்மையில 8 சதவீதத்துக்கும் கீழே. அதை விட முக்கியம், 2019-க்கு அப்புறம் சம்பளம் 5,000 கூடின மாதிரி தெரிஞ்சாலும், வாங்கும் சக்தியில மாசம் 2,400 ரூபாய் குறைஞ்சிருக்கு. பேச்சுவார்த்தையில சொல்ல வேண்டிய எண் இதுதான்.

"அடிப்படை ஆண்டை மாத்தறதே பணவீக்கத்தை மறைக்கத்தான்"னு பல பேர் சொல்றாங்க. எனக்கு இதுல பாதிதான் உடன்பாடு. எல்லா எண்ணையும் 2.88-ஆல வகுத்தா, 269-க்கும் 330-க்கும் நடுவுல இருக்கற சதவீதம் கொஞ்சம்கூட மாறாது. மாறறது எடைகள். பழைய தொடர்ல உணவுக்கு சுமார் 46 சதவீதம், புதுசுல சுமார் 39. மக்களோட செலவு முறை மாறினதால இது நியாயமான திருத்தம்தான். ஆனா சம்பளத்துல பாதி மளிகைக்கும் காய்கறிக்கும் போற குடும்பத்துக்கு, உணவு விலை ஏறும்போது புதுக் குறியீடு அவங்க வலியைக் குறைச்சுத்தான் காட்டும். கேள்வி கேட்கணும்னா அங்கே கேளுங்க, 100 எந்த வருஷம்ங்கறதுல இல்லை.

ரெண்டு எச்சரிக்கை. 2.88 அகில இந்திய மொத்தக் குறியீட்டுக்கு மட்டும்தான். ஒவ்வொரு ஊர் மையத்துக்கும் தனி ஃபேக்டர் உண்டு, அதனால சென்னைக் குறியீட்டை இதால பெருக்காதீங்க. அடுத்து, இது சராசரிக் குடும்பத்தோட செலவு. உங்க வீட்டு வாடகை அதை விட வேகமா ஏறியிருந்தா, உங்க நிலைமை இந்தக் கணக்கு சொல்றதை விட மோசமாத்தான் இருக்கும்.

உங்க முதல் சம்பள ஸ்லிப்பை எடுங்க, அந்த மாசத்துக் குறியீடு எந்த அடிப்படை ஆண்டுன்னு முதல்ல பாருங்க, அப்புறம் வகுங்க. வந்த எண்ணை கமெண்ட்ல போடுங்க, பேசுவோம்.