செமஸ்டர் நேரத்து ஈறு வலி: சூடுன்னு சொல்லி விட்டுடாதீங்க

நவம்பர், ஏப்ரல் வந்தா நம்ம ஹாஸ்டல்ல ஒருத்தராவது "ஈறு வலிக்குது மச்சி, உடம்பு சூடு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீங்க. மோர், மணத்தக்காளி கீரை, மெடிக்கல்ல ஒரு பி காம்ப்ளெக்ஸ் என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்வோம். வாய்ப்புண்ணுக்கு இது போதும். ஆனா வாய்ப்புண் வருவது பெரும்பாலும் கன்னத்தின் உள்பக்கம், உதடு, நாக்கு ஆகிய இடங்களில். வலி இரண்டு பல்லுக்கு நடுவே இருக்கும் ஈறு நுனியில் இருந்தால், அது வேறு நோயாக இருக்கலாம்.

அதன் பெயர் நெக்ரோடைசிங் ஜிஞ்சிவைடிஸ். ஈறு நுனி செத்து அழுகுவது என்று அர்த்தம். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்களுக்கு நிறைய வந்ததால் 'டிரெஞ்ச் மவுத்' என்றும் பெயர். தூக்கமில்லை, சரியான சாப்பாடில்லை, பல் தேய்க்கவில்லை, ஓயாத சிகரெட், கூடவே பயம். அரியர் பேப்பர் வைத்திருப்பவனின் ஸ்டடி ஹாலிடேஸும் கிட்டத்தட்ட இப்படித்தான் போகுது. இது அதிகம் வருவதும் 18 முதல் 30 வயசுக்காரங்களுக்குத்தான்.

காரணமான கிருமிகள் வெளியிலிருந்து வருவதில்லை. நம்ம வாயில் எப்பவும் கொஞ்சம் இருப்பவைதான். மன அழுத்தத்தில் உடம்பின் எதிர்ப்பு சக்தி குறைகிறது, சிகரெட் ஈறுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது, பல்லில் அழுக்கு சேர்கிறது. அப்போது அந்தக் கிருமிகள் பெருகி ஈறைத் தின்ன ஆரம்பிக்கும். அதனால ரூம்மேட்டிடம் இருந்து ஒட்டிக்கொள்ளும் என்று பயப்பட வேண்டாம்.

எங்க விழுப்புரம் ஹாஸ்டல்ல ஒரு ஜூனியருக்கு வந்ததைச் சொல்றேன். முதல் நாள் பேஸ்ட் நுரையில் ரத்தம். அடுத்த நாள் கீழ் முன்பற்களில் கடுமையான வலி, வாயில் இரும்புச் சுவை, பக்கத்தில் இருப்பவர்களுக்கே தெரியும் நாற்றம். வலிக்குதேன்னு பல் தேய்ப்பதை நிறுத்திட்டான். அழுக்கு இன்னும் சேர்ந்து வலி கூடியது. ஒரு மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு நாளுக்கு மாத்திரை வாங்கிப் போட்டான். வலி குறைந்ததும் விட்டுட்டான். ஒரு வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தது.

கடைசியில் ஊருக்குப் போய் திண்டிவனத்தில் ஒரு பல் டாக்டரைப் பார்த்தான். அவர் மரத்துப்போகும் ஜெல் தடவி, ஈறு மேல் படிந்திருந்த சாம்பல் நிறப் படலத்தை ஈரப் பஞ்சால் மெதுவாகத் துடைத்தார். அடியில் ஈறு நுனி கூராக இல்லாமல் பள்ளமாக இருந்தது. அன்று மேலோட்டமாக மட்டும் கிளீனிங். மறுநாள் வரச் சொல்லி இன்னும் கொஞ்சம், சில நாள் கழித்து ஆழமாக. வீட்டில் செய்ய வேண்டியது: மெடிக்கலில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் அதே அளவு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளிப்பது, காலை மாலை குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ், சாஃப்ட் பிரஷ், சிகரெட் கூடவே கூடாது. ரெண்டாவது நாளே இட்லி சாப்பிட முடிந்தது.

இங்கேதான் என் கருத்து. இந்த நோய்க்கு மருந்தே அந்தக் கிளீனிங்தான், மாத்திரை துணைக்குத்தான். காய்ச்சல் இருந்தாலோ, தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தாலோதான் டாக்டர்கள் மெட்ரானிடசோல் எழுதுவார்கள். அதைச் சாப்பிடும் நாட்களில் மது தொடக்கூடாது. மாத்திரை கிருமியைக் குறைக்கும், பல்லில் இருக்கும் அழுக்கை எடுக்காது. அதனால்தான் ஜூனியருக்குத் திரும்பி வந்தது. வலி போனதும் அடுத்த விசிட்டைத் தவிர்ப்பவர்களுக்கும் இதே கதைதான்.

தள்ளிப்போட்டால் நஷ்டம் நிரந்தரம். அழிந்த ஈறு நுனி முழுசா வளராமல் போகலாம். அந்தப் பள்ளத்தில் சோறு மாட்டும், அழுக்கு சேரும், நோய் மறுபடி வரும். சிலருக்கு ஈறை ஒழுங்குபடுத்த சின்ன ஆபரேஷன் தேவைப்படும். இன்னும் விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு வரை போகும். நல்லா கிளீன் பண்ணியும் குணமாகாவிட்டால் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதுவார். எச்ஐவி போல எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் நோய்களிலும் இது வரும் என்பதால்தான் அது. கேட்டால் கூச்சப்படாமல் எடுத்துடுங்க.

ஈறு நுனியில் வலி, தொட்டாலே ரத்தம், புதுசா ஒரு நாற்றம். மூன்றும் சேர்ந்து வந்தால் எக்ஸாம் முடியட்டும் என்று காத்திருக்காதீங்க. விழுப்புரத்தில் இருந்தால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திண்டிவனத்தில் இருந்தால் அரசு மருத்துவமனை, இல்லைன்னா பக்கத்தில் இருக்கும் பல் கிளினிக். காலையில் போய் ஓபி சீட்டு போடுங்க. ஒரு அரை நாள் படிப்பு போகும், அவ்வளவுதான்.