பெயர் ஒன்று, தாள் மூன்று

அமீரகத்தில் மனைவியின் குடியிருப்பு விசாவைப் புதுப்பிப்பது இன்று கைப்பேசியில் முடிகிற காரியம். கட்டணம் கட்டுவதுதான் அதில் சுலபமான பகுதி. கார்டு எண்ணைப் போட்டு, வங்கிச் செயலியில் ஒப்புதல் கொடுத்தால் பணம் போய்விடும். விண்ணப்பம் நிற்பது பெரும்பாலும் பணத்தால் அல்ல, பெயரால். குறிப்பாக நம்மவர்களின் பெயரால். இனிஷியலோடு ஒரு தாள், அப்பா பெயரோடு ஒரு தாள், கணவர் பெயரோடு ஒரு தாள் என்று ஒரே பெண் மூன்று பேராக நிற்பார். இவர்கள் எல்லாம் ஒருவரே என்று அரசுக்கு யாராவது காட்டியாக வேண்டும்.

ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்தில் எதிர் வீட்டில் குடியிருக்கும் பெண்ணுக்கு இதுதான் நடந்தது. அவர் பெயரைச் செல்வி என்று வைத்துக்கொள்கிறேன். அப்பா முருகன், கணவர் குமார். ஊரில் சார்பதிவாளர் கொடுத்த திருமணச் சான்றிதழில் M. SELVI என்று இருக்கிறது. அந்த இனிஷியலை விரித்து எடுத்த பழைய பாஸ்போர்ட்டில் SELVI MURUGAN. அதை வைத்துத்தான் அமீரகத்தில் முதல் விசா வந்தது. நடுவில் பாஸ்போர்ட் காலாவதியாகிப் புதியது எடுத்தபோது, குழந்தையின் பள்ளிச் சேர்க்கைக்கு வசதியாக இருக்கும் என்று குடும்பப் பெயராகக் கணவர் பெயரைக் கொடுத்தார்கள். புதிய பாஸ்போர்ட்டில் SELVI KUMAR. இந்தியச் சட்டப்படி இதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் விசாக் கோப்பில் இருப்பது பழைய பெயரும் பழைய எண்ணும்தான்.

கணவர் கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை செய்பவர். கரைக்கு வந்திருந்த நாளில் விண்ணப்பத்தைப் போட்டுப் பணமும் கட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். பிறகு ஒரு நாள் செல்வி வந்து கதவைத் தட்டினார். “அக்கா, பணத்தை எடுத்துக்கிட்டாங்க, ஆனா விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்காங்களாம். இவருக்கு மெசேஜ் வந்து எத்தனையோ நாளாச்சு, இன்னிக்குத்தான் பார்த்திருக்கார்” என்றார்.

திருப்பி அனுப்புவது வேறு, நிராகரிப்பது வேறு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். குறை இருக்கிறது, சரிசெய்து அனுப்பு என்பதுதான் திருப்பி அனுப்புவது. அதற்கு 30 நாள் அவகாசம். அதற்குள் பதில் போகவில்லை என்றால் கணினி தானாகவே நிராகரித்துவிடும். ஒரே குறைக்காக மூன்று முறை திரும்பி வந்தாலும் அதே கதிதான். நிராகரித்தால் விசா வழங்கும் கட்டணம் திரும்பக் கிடைக்கும். விண்ணப்பக் கட்டணம் கிடைக்காது. அதனால் குறை என்னவென்று சரியாகப் புரிந்துகொள்ளாமல், அதே படங்களை இன்னும் தெளிவாக ஸ்கேன் செய்து மறுபடி ஏற்றுவதில் பயனில்லை. ஒரு வாய்ப்புதான் வீணாகும். குறிப்பு அரபியில் வந்திருந்தால் அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டே கை வைக்க வேண்டும்.

செல்வியின் விண்ணப்பத்தில் இருந்த குறை, புதுப்பிக்கும் முன் செய்திருக்க வேண்டிய ஒரு வேலை. பாஸ்போர்ட் மாறியிருந்தால் விசாக் கோப்பில் பாஸ்போர்ட் விவரத்தை மாற்றும் சேவை தனியாக இருக்கிறது. அதை முடித்த பிறகுதான் புதுப்பிப்புக்குப் போக வேண்டும். எண் மட்டும் மாறியிருந்தால் இது லேசான வேலை. பெயரும் மாறியிருந்தால், பழையவரும் புதியவரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். முதல் ஆதாரம் இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலேயே இருக்கிறது. அப்பா, அம்மா, கணவர் பெயர், முகவரி, அதற்குக் கீழே பழைய பாஸ்போர்ட்டின் எண்ணும் அது வழங்கப்பட்ட தேதியும் இடமும். படம் உள்ள பக்கத்தை மட்டும் ஏற்றிவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். செல்வியின் கணவரும் முதல் பக்கத்தை மட்டுமே ஏற்றியிருந்தார். கடைசிப் பக்கமும் போதாதென்றால் துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில், இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிப்பவை என்று சான்று வாங்கலாம்.

அடுத்தது திருமணச் சான்றிதழ். முதல் விசாவுக்குக் கொடுத்ததுதானே என்று நினைப்போம், புதுப்பிக்கும்போதும் கேட்பதுண்டு. அவர்களுக்கு வேண்டியது வெறும் சான்றிதழ் அல்ல, அட்டெஸ்டேஷன் முடிந்த சான்றிதழ். தமிழ்நாட்டில் வாங்கியதென்றால் முதலில் மாநில அரசின் முத்திரை, பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம், கடைசியாக இங்கே அமீரக வெளியுறவு அமைச்சகம் என்று நான்கு படி. கடைசிப் படிக்கு ஒரு தனிநபர் ஆவணத்துக்கு 150 திர்ஹம். இந்த முத்திரைகளும் ஸ்டிக்கர்களும் பெரும்பாலும் சான்றிதழின் பின்புறத்தில்தான் இருக்கும். முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்தால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது முத்திரையே இல்லாத தாள். கல்யாணச் சான்றிதழ் கெட்டுப்போகக் கூடாதென்று ஆசையாக லேமினேட் செய்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன்மேல் முத்திரை விழாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் இன்னொரு பிரதி வாங்குவதுதான் வழி.

இதில் ஏமாந்துபோகிற இடம் ஒன்று உண்டு. ஊரில் முகவர்கள் “அப்போஸ்டில் போட்டாச்சு, உலகம் முழுக்கச் செல்லும்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அப்போஸ்டில் என்பது ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு மட்டும். இந்தியா அதில் 2005 முதல் இருக்கிறது. வளைகுடாவில் ஓமன், பஹ்ரைன் இருக்கின்றன, சவூதி அரேபியாவும் 2022-இல் சேர்ந்துவிட்டது. அமீரகம் சேரவில்லை. சவூதியில் செல்லுபடியாகிற அதே தாள் ஷார்ஜாவில் செல்லாது. முகவரிடம் பணம் கொடுக்கும் முன் எந்த நாட்டுக்கு என்று சொல்லி, தூதரக முத்திரையும் சேர்த்துத்தான் என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

எங்கே விண்ணப்பிப்பது என்பதிலும் குழப்பம் வருகிறது. வீடு ஷார்ஜாவில், வேலை துபாயில் என்று ஆயிரக்கணக்கான தமிழர்கள் இருக்கிறோம். வீடு எங்கே என்பது இதைத் தீர்மானிக்காது. விசாவில் உள்ள கோப்பு எண்ணின் முதல் மூன்று இலக்கத்தைப் பாருங்கள்: 201 என்றால் துபாய், 301 என்றால் ஷார்ஜா, 101 என்றால் அபுதாபி. துபாய் விசாவுக்கு அங்குள்ள குடிவரவுத் துறையின் gdrfad.gov.ae, மற்ற எமிரேட்டுகளுக்கு மத்திய அமைப்பின் icp.gov.ae. பணம் கட்டும் முன் முகவரி gov.ae என்று முடிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தேடும்போது மேலே வந்து நிற்கும் விளம்பரப் பக்கங்கள் எல்லாம் அரசுடையவை அல்ல.

கணவரின் விசா முதலில், மனைவியின் விசா பிறகு. மனைவியின் விசாக் காலம் ஸ்பான்ஸரின் காலத்தைத் தாண்டிப் போகாது. அதனால் இருவருடையதும் ஒரே நேரத்தில் முடிகிறதென்றால், கணவரின் நிறுவனம் அவருடையதை முடிக்கும் வரை இங்கே காத்திருக்கத்தான் வேண்டும். ஸ்பான்ஸருக்கு மாதம் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் நிறுவனம் தரும் வீடும் இருக்க வேண்டும். 2019-இல் இந்த விதியை மாற்றியபோது தொழிலைப் பார்ப்பதை விட்டு வருமானத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். அதனால் மனைவி சம்பாதித்துக் கணவரை ஸ்பான்ஸர் செய்வதும் எளிதானது. வாடகை ஒப்பந்தம் வெறுமனே கையெழுத்திட்டதாக இருந்தால் போதாது. ஷார்ஜாவில் நகராட்சி முத்திரை, துபாயில் இஜாரிப் பதிவு.

மெடிக்கல் பதினெட்டு வயதைத் தாண்டியவர்களுக்கு உண்டு: ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும். கருவுற்றிருந்தால், சந்தேகமாக இருந்தாலும்கூட, எக்ஸ்ரே அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும். இதைப் பற்றி வெட்கப்பட்டுப் பேசாமல் நின்ற இளம்பெண்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். எமிரேட்ஸ் ஐடிக்கு ஆண்டுக்கு 100 திர்ஹம், அதன்மேல் சேவைக் கட்டணம். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவது 2022 ஏப்ரலோடு நின்றுபோனதால், குடியிருப்புக்கு அந்த அட்டையே சாட்சி. அட்டை காலாவதியாகி 30 நாள் தாண்டினால் நாளுக்கு 20 திர்ஹம், அதிகபட்சம் 1,000 வரை அபராதம். விசா முடிந்து சலுகைக் காலமும் முடிந்தால் அது தனி, நாளுக்கு 50 திர்ஹம்.

பிரசவத்துக்கு ஊருக்குப் போகும் பெண்கள் ஒன்றைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். நாட்டுக்கு வெளியே ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் விசா செல்லாததாகிவிடும். காரணத்தைக் காட்டித் திரும்பி வர அனுமதி கேட்கலாம், அதற்கும் அபராதம் உண்டு. ஏழாம் மாதம் வளைகாப்புக்குப் போய், குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்து வரலாம் என்று திட்டமிட்டால் நாட்கள் நெருக்கிவிடும். குழந்தைக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேறு எடுக்க வேண்டும்.

செல்வியின் விஷயத்துக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தையும், சான்றிதழின் இருபுறத்தையும், துணைத் தூதரகச் சான்றையும் சேர்த்து முதலில் பாஸ்போர்ட் விவரத்தை மாற்றினோம். அது ஏற்கப்பட்ட பிறகு, திரும்பி வந்திருந்த விண்ணப்பத்தைச் சரிசெய்து அனுப்பினோம். அவகாசம் முடியும் முன் ஏற்றுக்கொண்டார்கள். மெடிக்கல் முடிந்து அட்டையும் வந்துவிட்டது. ஆனால் அந்த 30 நாளில் பாதி, கடலில் இருந்த ஒருவருடைய கைப்பேசியில் படிக்கப்படாமல் கழிந்ததை நான் இன்னும் ஏற்கவில்லை.

விண்ணப்பம் ஸ்பான்ஸரின் கணக்கிலிருந்துதான் போகும், செய்தியும் அவருக்குத்தான் வரும். அது விதி. ஆனால் விசா யாருடையதோ அவருக்கு விண்ணப்ப எண் தெரியாமல், கட்டண ரசீது கைக்கு வராமல், காலாவதித் தேதிகூடத் தெரியாமல் இருப்பது எந்த விதியிலும் இல்லை. அது வீடுகளில் நாமாக வைத்துக்கொண்ட பழக்கம். வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், குழந்தையின் பள்ளி எல்லாவற்றுக்கும் அந்த அட்டைதான் கேட்கப்படுகிறது. கணவர்கள் விண்ணப்பம் போட்ட அன்றே அதன் எண்ணையும் ரசீதையும் மனைவிக்கு அனுப்பிவிடலாம். மனைவியும் தன் எமிரேட்ஸ் ஐடியை வைத்து யுஏஇ பாஸ் செயலியில் தனக்கென ஒரு கணக்குத் தொடங்கிக்கொள்ளலாம். செல்வி தொடங்கிவிட்டார். திருமணச் சான்றிதழின் இருபுறமும், இரண்டு பாஸ்போர்ட்டுகளின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், துணைத் தூதரகச் சான்றும் இப்போது அவருடைய கைப்பேசியிலேயே இருக்கின்றன.