பத்து ரூபாய்க் குறைப்பும் சேணப் புள்ளியும்

கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் வழியில் உள்ளது ஹனூர். முன்பு மைசூர் மாவட்டத்தோடு இருந்து, இப்போது சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இத்தகைய எல்லையோர ஊரின் கடைவீதியில் இரண்டு கூரியர் முகவர்கள் எதிரெதிரே கடை வைத்திருப்பதாகக் கொள்வோம். கற்பனைக் கணக்குதான்; ஆனால் கடன் கேட்டு வரும் சிறு வணிகர்களின் கணக்கேடுகளில் இதன் சாயலை நாம் அடிக்கடி காண்கிறோம்.

இருவரும் ஒரு பொதிக்கு 60 ரூபாய் வாங்குகின்றனர். நாள் ஒன்றுக்கு ஆளுக்கு 40 பொதிகள் வருகின்றன. ஒருவர் மட்டும் 50 ரூபாயாகக் குறைத்தால், மற்றவரிடமிருந்து 15 பொதிகள் அவர் பக்கம் நகரும். இருவரும் ஒரே விலையில் நின்றால் எதுவும் நகராது. ஒருவர் பெறும் பொதி மற்றவர் இழக்கும் பொதியே. இருவரின் வரவையும் கூட்டினால் எப்போதும் பூஜ்யம். கணித அறிஞர்கள் இதைப் பூஜ்யக் கூட்டு ஆட்டம் என்பர்.

முதல் முகவர் இப்படி எண்ணுகிறார்: 60இல் நின்றால் மோசமான நிலையில் 15 பொதி இழப்பேன், 50க்கு இறங்கினால் மோசமான நிலையிலும் இழப்பு இல்லை. ஆகவே இறங்குவதே பாதுகாப்பு. எதிர்க்கடைக்காரரும் அதையே எண்ணி இறங்குகிறார். இருவரும் 50இல் நிற்கும் அந்த இடமே சேணப் புள்ளி. அங்கிருந்து எவர் தனியே விலையை உயர்த்தினாலும் அவருக்கே நட்டம். எனவே எவரும் அசையமாட்டார். இத்தகைய ஆட்டங்களில் இருவருக்கும் பொதுவான ஒரு மதிப்பு கட்டாயம் உண்டு என்பதை ஜான் வான் நியூமன் 1928இல் நிறுவினார். சேணப் புள்ளி இல்லாத ஆட்டங்களில், எதிரி முன்கூட்டி அறியாதவாறு உத்திகளைக் குறித்த விகிதத்தில் சீட்டுக் குலுக்கிக் கலந்தாட வேண்டும். நம் முகவர்களுக்கு அந்தத் தேவை எழவில்லை.

கணிதம் சரிதான். ஆனால் பொதிகளை எண்ணுவதே தவறான அளவுகோல் என்பது நம் கருத்து. கடன் தவணை பொதிகளால் கட்டப்படுவதில்லை.

ஒரு பொதியை அனுப்பிவைக்க முகவருக்கு ஆகும் நேரடிச் செலவு 42 ரூபாய் என்க. கடை வாடகை இதில் சேராது. பொதி வந்தாலும் வராவிட்டாலும் அது உண்டு. இருவரும் 60இல் இருக்கையில் ஒருவருக்கு மிஞ்சுவது பொதிக்கு 18 வீதம் நாளுக்கு 720 ரூபாய். ஒருவர் மட்டும் இறங்கினால் அவருக்கு 55 பொதிகள், ஒவ்வொன்றிலும் 8 ரூபாய், ஆக 440. கடை நிறையக் கூட்டம், கல்லாவில் 280 குறைவு! இறங்காமல் நின்றவருக்கோ 25 பொதிகளிலேயே 450 கிடைக்கிறது. அவரும் சினந்து இறங்கினால் 320தான்.

ஆக, பொதிக் கணக்கில் எதிரி என்ன செய்தாலும் இறங்குவதே நன்று. ரூபாய்க் கணக்கில் எதிரி என்ன செய்தாலும் நிற்பதே நன்று. ஒரே இரு கடைகள், ஒரே வாடிக்கையாளர்கள். எதை எண்ணுகிறோம் என்பது மட்டுமே மாறியது. ரூபாய்க் கணக்கு பூஜ்யக் கூட்டு ஆட்டமும் அன்று: இருவரின் மொத்தம் 1440இலிருந்து 640ஆகச் சுருங்கிவிட்டது. அந்த 800 ரூபாய் வாடிக்கையாளர் கைக்குப் போனது. அவர்களுக்கு அது இலாபமே.

நிற்பது என்றால் எதிர்க்கடையோடு பேசி விலை முடிவு செய்வதன்று. அத்தகைய உடன்பாட்டை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடுக்கிறது. இங்கு அதற்குத் தேவையும் இல்லை. அவரவர் தம் கணக்கைப் பார்த்தாலே போதும்.

இம்முடிவு எல்லாக் கடைக்கும் பொருந்தாது. செலவு 42 என்பதால்தான் நிற்பது வென்றது. பொதிச் செலவு சுமார் 23 ரூபாய்க்குக் கீழே இருப்பவர் தனியே இறங்கினாலும் இலாபமே காண்பார். எதிரி இறங்கிய பின்னர், செலவு சுமார் 33 ரூபாய்க்குக் கீழே இருந்தால் தாமும் இறங்குவதே நன்று. ஆகவே ஒருவர் விலையைக் குறைக்குமுன் அறிய வேண்டியவை இரண்டு: பொதி ஒன்றின் நேரடிச் செலவு, குறைப்பால் நகரும் பொதிகள். முன்னதைக் கொள்முதல் பட்டியல் காட்டும். பின்னதை, பண்டிகை வாரங்களை ஒதுக்கிவிட்டு, முந்தைய விலைமாற்றத்துக்கு முன்னும் பின்னுமான இரண்டிரண்டு வார நாட்குறிப்பில் காணலாம். 1986 முதல் இயங்கும் அஞ்சல் துறையின் விரைவு அஞ்சலுக்குச் சென்ற பொதிகளையும் தனியே கழிக்க வேண்டும்; அவை எதிர்க்கடைக்குப் போனவை அல்ல.

நடைமுறை மூலதனக் கடனுக்கு வருவோர் பலர், "பொதிகள் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டன" என்று பெருமையோடு பட்டியலை நீட்டுகின்றனர். நாற்பது ஐம்பத்தைந்தாகும்போது அதற்கும் மேலேயே கூடுகிறது. அந்தப் பட்டியலை மட்டும் பார்த்துக் கடன் வரம்பை உயர்த்துவது வங்கிகளும் விட்டொழிக்க வேண்டிய வழக்கம். பொதி ஒன்றுக்கு மிஞ்சிய தொகையை அருகிலேயே எழுதித் தரும்படி கேட்டால், அந்த ஒரு பத்தியிலேயே பேச்சு வேறாகிவிடும்.