சைக்கிள் காட்டும் கிலோஜூல் வேற, பிஸ்கட் கிலோஜூல் வேற!

ஜிம்ல சைக்கிள் ஓட்டுறவங்ககிட்ட ஒரு குறுக்குவழி உண்டு: "திரையில எத்தனை கிலோஜூல் வேலைன்னு காட்டுதோ, அத்தனை கிலோகலோரி எரிஞ்சாச்சு." இதுல விடை கிட்டத்தட்ட சரியா வரும். சிக்கலே அதுதான். விடை சரியா வர்றதால, ரெண்டும் ஒரே அலகுன்னு மனசுல பதிஞ்சுடுது. உண்மையில் 1 கிலோகலோரி = 4.184 கிலோஜூல். அப்போ எப்படிப் பொருந்துது?

நீங்களே போட்டுப் பாருங்க. 100 வாட்டில் ஒரு மணி நேரம் மிதிச்சா 100 × 3600 = 3,60,000 ஜூல், அதாவது 360 கிலோஜூல். இது பெடலுக்குப் போய்ச் சேர்ந்த வேலை மட்டும்தான். நம்ம உடம்பும் ஒரு எஞ்சின்தானே? சைக்கிள் மிதிக்கும்போது அதன் செயல்திறன் சுமார் 20 முதல் 25 சதவீதம். மீதி வெப்பமாப் போயிடும். 24 சதவீதம்னு வெச்சா, உடம்பு செலவழிச்சது 360 ÷ 0.24 = 1500 கிலோஜூல். அதை 4.184ஆல் வகுத்தா 358 கிலோகலோரி. செயல்திறனுக்காக நாலால பெருக்கி, அலகுக்காக நாலால வகுத்திருக்கோம். ரெண்டும் அடிபட்டுப் போச்சு. வெறும் தற்செயல்!

இந்தத் தற்செயல் உணவு லேபிளில் நடக்காது. நம்ம ஊர் பாக்கெட்டில் `kcal` இருக்கும்; ஆஸ்திரேலிய பாக்கெட்டில் முதன்மையா `kJ` இருக்கும். அங்கிருந்து வந்த ஒரு பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 1824 `kJ`னு இருக்குன்னு வெச்சுக்கோங்க. 25 கிராம் சாப்பிட்டா 456 கிலோஜூல். "360 எரிச்சேன், 456 சாப்பிட்டேன், 96 மிச்சம்"னு கணக்குப் போட்டா தப்பு. அந்த 360 பெடலில் சேர்ந்த வேலை; இந்த 456 உடம்புக்குள்ள போன எரிபொருள். எரிபொருளோடு எரிபொருளைத்தான் ஒப்பிடணும்: செலவு 1500, வரவு 456. கிலோகலோரியில் 358, 109.

அலகு மாறிப்போச்சான்னு கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கு. கொழுப்புதான் ஒரு கிராமுக்கு அதிக ஆற்றல் தரும் சத்து: சுமார் 9 கிலோகலோரி, அதாவது 37 கிலோஜூல். ஆக, எந்த உணவும் 100 கிராமுக்கு 900 கிலோகலோரியைத் தாண்ட வாய்ப்பில்லை. உங்க எக்செல் ஷீட்டில் பிஸ்கட்டுக்கு 1824 கிலோகலோரின்னு வந்தா, அது `kJ`தான். வகுத்தா 436.

இன்னொண்ணு. செயல்திறனை 20 சதவீதம்னு எடுத்தா அதே 358, 430 ஆயிடும். அதனால "358.5 கிலோகலோரி"ன்னு தசமப் புள்ளியோடு எழுதுறதுல அர்த்தமே இல்ல.

என் கருத்து இதுதான்: ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'ஆற்றல்'னு மட்டும் தலைப்பு போட்டு அலகு எழுதினா பத்தாது. 'பெடல் வேலை'யா, 'உணவு ஆற்றல்'னான்னு அதையும் எழுதுங்க. கணக்கு முழுக்க கிலோஜூலில் போட்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை 4.184ஆல் வகுங்க.