‘உரக்கப் பேசு’ என்பது உதவியன்று

மூத்தோர் அவையில் முதன்முறையாகப் பேச எழுந்தவரின் குரல் நடுங்கினால், தலைமை இருக்கையிலிருந்து வரும் முதற்சொல் ‘உரக்கப் பேசு’ என்பதே. முனைவர் பட்ட ஆய்வுக்குழுவாயினும் சரி, நான் வாழும் விக்ரோலியின் தொழில் நிறுவனங்களில் இளம் பொறியாளர் ஒருவர் இயக்குநர்கள்முன் அறிக்கை வைக்கும் கூட்டமாயினும் சரி, இதுவே வழக்கம். பேசி முடித்தபின் ‘தன்னம்பிக்கை போதாது’ என்று தீர்ப்பும் எழுதப்படுகிறது. அறிவுரை, தீர்ப்பு இரண்டையும் நான் மறுக்கிறேன். குரல் நடுக்கம் வேறு, மனம் வெறுமையாவது வேறு. இரண்டையும் ‘அச்சம்’ என்ற ஒரே சொல்லால் மூடிவிடுவதால்தான் இரண்டும் தீராமலே இருக்கின்றன.

இந்நகரில் ஒரே மனிதருக்கு இவை தனித்தனியே நேர்ந்தன. 1891இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தி, பம்பாய்ச் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் தம் முதல் வழக்கில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுழன்றது, கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. வழக்கைத் தம்மால் நடத்த இயலாது என்று சொல்லி, பெற்ற 30 ரூபாயைத் திருப்பித் தரச்செய்தார். இது மனவெறுமை.

1896 செப்டம்பர் 26 அன்று, தென்னாப்பிரிக்க இந்தியர் நிலைகுறித்து அவர் பம்பாய்ப் பொதுக்கூட்டத்தில் பேசவேண்டியிருந்தது. பெரோஸ்ஷா மேத்தாவின் அறிவுரைப்படி உரை முன்னரே எழுதி அச்சிடப்பட்டிருந்தது. நினைவுக்கு வேலையே இல்லை, படித்தால் போதும். ஆயினும் நடுக்கம் வந்தது. ‘இன்னும் உரக்க’ என்று மேத்தா ஊக்கப்படுத்த, குரல் மேலும் மேலும் தாழ்ந்ததாகக் காந்தியே ‘சத்திய சோதனை’யில் பதிவு செய்கிறார். கேசவராவ் தேஷ்பாண்டே தாளை வாங்கிப் படித்தார். அவையோ வாச்சாவின் பெயரைச் சொல்லிக் கூவியது. தின்ஷா வாச்சா எழுந்து படித்தபின், அதே உரையை அவை இறுதிவரை அமைதியாகக் கேட்டது.

மேத்தாவின் நல்லெண்ணம் ஏன் பலிக்கவில்லை? ஒலியியல் இதற்கு விடை தருகிறது. குரல்நாண்களை அதிரச் செய்வது அவற்றின் கீழுள்ள காற்றழுத்தம். பதற்றத்தில் மூச்சு மேல்மார்பில் குறுகி ஓடுகிறது, குரல்வளைத் தசைகள் இறுகுகின்றன, அழுத்தம் நிலையின்றி ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றத்தாழ்வையே நாம் நடுக்கமாகக் கேட்கிறோம். உரக்கப் பேச முயல்பவர் ஏற்கெனவே இறுகிய தசைகளை இன்னும் இறுக்குகிறார். ‘ஆழமாக மூச்சிழுத்துப் பேசு’ என்பதும் இதே பிழைதான். இயல்பான பேச்சு, நுரையீரலின் உயிர்ப்புத்திறனில் ஏறத்தாழ 60 விழுக்காட்டில் தொடங்குகிறது. அதற்குமேல் நிரப்பினால், விரிந்த நுரையீரல் சுருங்க முனைந்து காற்றை உந்தித் தள்ளும். அதைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பு, நடுங்கும் அதே தசைகளின்மேல் விழும்.

ஆகவே கவனம் வெளிமூச்சில் இருக்கவேண்டும். முறை வருவதற்கு முந்தைய சில நிமிடங்களில், நான்கு எண்ணும் நேரம் மூச்சை உள்ளிழுத்து ஆறு எண்ணும் நேரம் வெளிவிடுக. எழுந்ததும், இருக்கும் காற்றைச் சற்று வெளிவிட்டு, வழக்கமான அளவே உள்ளிழுத்துத் தொடங்குக. முதல் தொடர் ஆறேழு சொற்களைத் தாண்டவேண்டாம். அதன் இறுதியில் குரலைத் தாழ்த்தி நிறுத்துக. ஒத்திகையைப் பதிவுசெய்து கேட்டால் பிழை தெரிந்துவிடும். முதலசை கீச்சென்று உயர்ந்தால் காற்று மிகுதி. தொடரின் கடைசிச் சொற்கள் கரகரத்துத் தேய்ந்தால் தொடர் நீளம். அமைதியாக இருக்கும்போதும் மாறாத நடுக்கத்துக்கு இம்முறை உதவாது. அதற்கு மருத்துவரே வேண்டும்.

மனவெறுமைக்கு வழி வேறு. நாம் பேசும்போது முதலில் கருத்து உருவாகி, பின்பே சொற்கள் அதற்கு அமைகின்றன. சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்தவர் ஒரு சொல்லை அடுத்த சொல்லோடு கோத்து வைத்திருக்கிறார். கருத்திலிருந்து சொல்லுக்குப் போகும் வழியை அவர் பழகவில்லை. ஒரு கண்ணி அறுந்தால் திரும்பி வர அவருக்குப் பாதையில்லை. பத்து நிமிட உரைக்கு ஓர் அட்டையில் மூன்று கேள்விகளை மட்டும் எழுதிக்கொள்க: எதைத் தேடினேன்? என்ன கிடைத்தது? அதனால் எது மாறும்? ஒத்திகையின் ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொற்களில் விடை சொல்லுக. அவையில் மனம் வெறுமையானால், ‘இதுவரை சொன்னது இது’ என்று முந்தைய விடையை ஒரு தொடரில் சுருக்கி, அட்டையின் அடுத்த கேள்வியை வாய்விட்டுப் படிக்கலாம். கேள்வி, கருத்தை மீண்டும் எழுப்பும்.

மூத்தோருக்கும் ஒரு சொல். 1896இல் அவை ஏற்றுக்கொண்டது நடுங்கிய குரலில் தொடங்கிய அதே உரையைத்தான். நடுங்கும் குரல், ஆய்வின் தரத்துக்குச் சான்றாகாது. வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியும் இந்தியும் பேசி, அவையில் ஆங்கிலத்தில் நிற்கும் நம் மாணவருக்கு ஒவ்வொரு சொல்லைத் தேடுவதும் கூடுதல் வேலை. அவர் திணறும்போது ‘உரக்க’ என்னாதீர்கள். ஒலிவாங்கியை அவர் பக்கம் நகர்த்துங்கள், ‘என்ன கிடைத்தது?’ என்று கேளுங்கள். விடை வரும்வரை காத்திருங்கள். மதிப்பெண் தாளில் ‘தன்னம்பிக்கை’ என்றொரு கட்டம் இருந்தால், அதை அடித்துவிடுங்கள்.